"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்காதீர்கள்: ரெக்ரூட்டருக்கு ஃபாலோ-அப் மெயில் எழுதுவது எப்படி?

இன்டர்வியூ முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. சொன்ன தேதியும் கடந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு மெயில் போடலாம் என உட்கார்ந்தால், பலருக்குக் கை தானாக அடிக்கும் முதல் வரி "தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்பதுதான். இன்னும் சில நாள் போனால் அதே கை "இன்று மாலைக்குள் முடிவைத் தெரிவிக்கவும்" என்று அடிக்கும்.

சில ஆண்டுகள் ஆளெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். இந்த இரண்டு வகை மெயில்களையும் அங்கே நிறையப் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். ஆனால் அந்த மெயில்களை வைத்துக்கொண்டு என்னால் அவர்களுக்கு எதுவும் செய்ய முடியாமல் போயிருக்கிறது. ஏன் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். ரெக்ரூட்டருக்குப் பல விதமான மெயில்கள் எழுதுகிறோம். அவற்றில் பெரும்பாலோர் தடுமாறுவது இன்டர்வியூவுக்குப் பின் பதில் கேட்டு எழுதும் ஃபாலோ-அப் மெயிலில்தான். அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரெக்ரூட்டர் என்ன செய்கிறார்?

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். உங்களோடு மெயிலில் பேசும் ரெக்ரூட்டர் பெரும்பாலும் உங்களைத் தேர்ந்தெடுப்பவர் இல்லை. ஆள் வேண்டும் என்று கேட்டவர் ஒரு துறைத் தலைவர். இன்டர்வியூவில் கேள்வி கேட்டவர்கள் அவரும் அவருடைய குழுவினரும். அந்த வேலைக்கான பணத்துக்கு ஒப்புதல் தருபவர் வேறொருவர். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் தகவலைக் கொண்டுபோய்க் கொண்டுவருபவர்தான் ரெக்ரூட்டர். ஒரே நேரத்தில் பல வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொன்றுக்கும் பல பேர் வெவ்வேறு கட்டத்தில் இருப்பார்கள்.

பதில் வராமல் இருப்பதற்கான காரணமும் பெரும்பாலும் இந்த நடுவழியில்தான் கிடக்கும். பேனலில் இருந்த மூவரில் ஒருவர் இன்னும் ஃபீட்பேக் எழுதியிருக்க மாட்டார். பண ஒப்புதல் திரும்பவும் மேலே போயிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, வெளியில் இருப்பவர்களுக்கு இது எளிதில் தெரியாது: முதலிடத்தில் வந்த ஒருவருக்கு ஆஃபர் போயிருக்கும், அவர் சரி என்று சொல்லும்வரை இரண்டாவது இடத்தில் இருப்பவரைக் காத்திருக்க வைப்பார்கள். "நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள்" என்று ரெக்ரூட்டரால் சொல்ல முடியாது. அதனால் "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரு வரி வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது.

இது தெரிந்தால், மெயிலில் எது உதவும், எது உதவாது என்பது தானாகப் புரியும். கெஞ்சினால் ரெக்ரூட்டருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. அதட்டினால் அவருக்குக் கோபம் வரும், அப்போதும் முடிவு அவர் கையில் இல்லை. அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: உங்கள் மெயிலைத் துறைத் தலைவருக்கு ஃபார்வர்டு செய்து, "இவர் கேட்கிறார், என்ன சொல்லட்டும்?" என்று கேட்பது. ஆகவே எழுதி முடித்ததும் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான். இந்த மெயிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் அவரால் ஃபார்வர்டு செய்ய முடியுமா? "என் மேல் கருணை வையுங்கள்" என்ற வரியை எந்த ரெக்ரூட்டரும் துறைத் தலைவருக்கு அனுப்ப மாட்டார். "இது எனது மூன்றாவது மெயில்" என்ற வரியையும் அனுப்ப மாட்டார்.

ஒரு மெயிலை எடுத்துப் பார்ப்போம்

ஒருவர் கணக்குப் பிரிவு வேலை ஒன்றுக்கு இரண்டாம் சுற்று இன்டர்வியூ முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வியூ 4-ஆம் தேதி, புதன்கிழமை. "அடுத்த வெள்ளி, 13-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுகிறோம்" என்று ரெக்ரூட்டர் சொன்னார். வெள்ளி போயிற்று, திங்களும் போயிற்று. 17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அவர் எழுதுவது இது:

> சப்ஜெக்ட்: பணிவான வேண்டுகோள்
>
> மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, பணிவான வணக்கம். தங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதற்கண் மன்னிக்கவும். தாங்கள் மிகவும் பிஸியாக இருப்பீர்கள் என்று தெரியும். நான் சமீபத்தில் தங்கள் நிறுவனத்தில் இன்டர்வியூவில் கலந்துகொண்டேன். இந்த வேலை எனக்கு மிகவும் அவசியம் மேடம். குடும்பச் சூழ்நிலை அப்படி. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறாக ஏதேனும் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எழுதியவரின் மனசும் தெரிகிறது. ஆனால் ரெக்ரூட்டரின் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். எந்த வேலை? எந்தத் தேதி இன்டர்வியூ? எந்தச் சுற்று? எதுவும் இல்லை. அவர் இவருடைய பெயரைத் தேடி எடுத்தால்தான் யாரென்றே தெரியும். அதைவிட முக்கியம், இவர் என்ன கேட்கிறார் என்பதே இல்லை. முடிவு எப்போது என்று கேட்கிறாரா, வேலையைக் கொடுங்கள் என்று கேட்கிறாரா? முதல் கேள்விக்கு ரெக்ரூட்டரால் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு முடியாது. பதில் சொல்ல முடியாத மெயில் "அப்புறம் பார்க்கலாம்" என்று கீழே போய்விடும்.

மன்னிப்பை எடுத்துக்கொள்வோம். முடிவு என்ன என்று கேட்பது தொந்தரவு இல்லை. 13-ஆம் தேதிக்குள் சொல்கிறேன் என்றது அவர்தான். அந்தத் தேதி கடந்த பிறகு கேட்பது வேலை நடக்கும் முறை. ஆரம்பத்திலும் முடிவிலும் மன்னிப்புக் கேட்டால், நடுவில் இருக்கும் நியாயமான கேள்வியும் ஏதோ தப்புப் போலத் தோன்றிவிடும். இன்னொன்று, போனில் மெயில் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது சப்ஜெக்டும் முதல் வரியின் சில சொற்களும்தான். அந்தச் சின்ன இடம் முழுக்க "பணிவான வேண்டுகோள், மன்னிக்கவும்" என்று நிரம்பியிருந்தால், விஷயம் என்ன என்று திறக்காமல் தெரியாது.

குடும்பச் சூழ்நிலையைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் பேனல் உங்களை மதிப்பிட எழுதும் குறிப்பில் அதற்கு இடமே கிடையாது. கணக்கு தெரியுமா, மென்பொருள் தெரியுமா, குழுவோடு ஒத்துப்போவாரா என்றுதான் அங்கே எழுதுவார்கள். "இவருக்குக் கஷ்டம் அதிகம்" என்று எழுத முடியாது, எழுதினால் மற்றவர்களுக்கு அநியாயம். ஆக அந்த வரி, படிப்பவரைச் சங்கடப்படுத்துகிறதே தவிர உங்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் வாங்கித் தராது.

எனக்கு இந்த மெயிலில் மிகவும் கவலை தருவது சம்பள வரி. "எவ்வளவாக இருந்தாலும் சம்மதம்" என்பது பணிவு என்று நினைத்து எழுதப்படுகிறது. நிறுவனத்தில் அது ஒரு தகவலாகப் பதிவாகிவிடும். பிறகு ஆஃபர் பேசும் நாளில், இந்த வேலைக்கு ஒதுக்கிய தொகையின் அடிமட்டத்தில் ஒரு எண்ணைச் சொல்வார்கள். நீங்கள் "கொஞ்சம் கூட்டித் தர முடியுமா" என்று கேட்டால், எழுதியிருப்பது நீங்கள்தானே என்பார்கள். யாரும் கேட்காத இடத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். "எந்த வேலையானாலும் பரவாயில்லை" என்பதும் இதே கதைதான். கணக்கு வேலைக்கு ஆள் தேடுபவருக்கு, கணக்கு வேலைதான் வேண்டும் என்பவர்தான் வேண்டும்.

கெஞ்சல் எப்படி அதட்டலாகிறது?

அந்த மெயிலுக்குப் பதில் வரவில்லை. மூன்று நாள் கழித்து அதே ஆள் எழுதுகிறார்:

> இது என்னுடைய இரண்டாவது மெயில். முதல் மெயிலுக்கே பதில் இல்லை. 13-ஆம் தேதிக்குள் சொல்வதாகச் சொன்னது நீங்கள்தான். இன்று மாலைக்குள் முடிவைத் தெரிவிக்கவும். எனக்கு வேறு இடங்களிலும் வாய்ப்புகள் உள்ளன.

இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. முதல் மெயிலில் தன்னை அவ்வளவு தாழ்த்திக்கொண்டதால், பதில் வராதபோது அது அவமானமாகிவிட்டது. அந்த அவமானம்தான் இங்கே பேசுகிறது. முதல் மெயிலிலேயே சமமாக நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், பதில் வராதபோது அதே கேள்வியை இன்னொரு முறை சாதாரணமாகக் கேட்டிருக்கலாம்.

இந்த மெயிலில் சொல்லியிருப்பது எல்லாம் உண்மைதான். ஆனால் எத்தனாவது மெயில் என்ற கணக்கு, "சொன்னது நீங்கள்தான்" என்ற சுட்டல், மாலைக்குள் என்ற கெடு, மூன்றும் சேர்ந்து ரெக்ரூட்டரைத் தன் பக்க நியாயத்தைத் தேட வைக்கின்றன. பேனல் ஃபீட்பேக் தராமல் இழுத்தடிக்கும்போது, உங்கள் சார்பில் அவர்களை நெருக்க வேண்டியவர் அவர். அவரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறோம். "வேறு இடங்களிலும் வாய்ப்புகள் உள்ளன" என்பதில் பெயர், தேதி எதுவும் இல்லாததால் அது வெறும் மிரட்டலாகத்தான் படிக்கப்படும்.

வாக்கியத்தின் வாலைக் கவனியுங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் மொழியில் கெஞ்சலும் அதட்டலும் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

"தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பது மனுவின் வால். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதக் கற்றபோது நமக்கு வந்தது. கொடுக்கும் அதிகாரம் ஒருவரிடமும், வாங்கும் தேவை இன்னொருவரிடமும் இருக்கும்போது எழுதுவது அது. நமக்குத் தெரிந்த முதல் கடிதமே அதுவாக இருப்பதால், கொஞ்சம் முறையாக எழுதலாம் என்று நினைத்த உடனே மனு வந்துவிடுகிறது.

"தெரிவிக்கவும்" என்பது அறிவிப்புப் பலகையின் வால். "காலணிகளை வெளியே விடவும்", "வரிசையில் நிற்கவும்" என்பதைப் போல. இதை மரியாதையான வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். "தெரிவி" என்பதைவிட மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது உத்தரவு. முன்னால் "தயவுசெய்து" சேர்த்தாலும் உத்தரவின் சாயல் போகாது.

இரண்டுக்கும் நடுவில் நாம் தினமும் பேசும் வடிவங்கள் இருக்கின்றன. "சொல்ல முடியுமா?", "தெரிவித்தால் உதவியாக இருக்கும்", "எப்போது தெரியவரும்?" போன்றவை. முதலாவது, முடியாது என்று சொல்லும் உரிமையையும் எதிராளிக்குக் கொடுக்கிறது. அதனால்தான் அது பணிவாக ஒலிக்கிறது. கேட்பவரும் கீழே இறங்கவில்லை. சக ஊழியரிடம் ஒரு கோப்பு எங்கே என்று கேட்கும்போது நாம் பயன்படுத்தும் தொனி அதுதான். ரெக்ரூட்டரிடமும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

"தாங்கள், தங்கள்" என்பதும் தேவையில்லை. "நீங்கள், உங்கள்" போதுமான மரியாதை. "சார்", "மேடம்" தொடக்கத்தில் ஒரு முறை வந்தால் போதும். வரிக்கு வரி வந்தால், அதுவும் கெஞ்சலாகத்தான் கேட்கும்.

ஆங்கிலத்தில் மெயில் எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். "ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ" என்பது மனு. "கைன்ட்லி ரெவெர்ட் அட் தி எர்லியஸ்ட்" என்பது பலகை. அங்கும் "குட் யூ லெட் மீ நோ" என்ற எளிய கேள்வி வடிவம் போதும். "சாரி ஃபார் த டிஸ்டர்பன்ஸ்" என்ற வரியை அழித்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையாது.

அதே ஆள், அதே விஷயம், வேறு மெயில்

இப்போது 17-ஆம் தேதிக்குத் திரும்புவோம். சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆகியிருக்கிறது. எழுத இது சரியான நேரம். தேதி எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், இன்டர்வியூவிலிருந்து ஒரு வாரம் அல்லது பத்து நாள் கழித்துக் கேட்கலாம். புது மெயிலாக அனுப்பாமல், இன்டர்வியூ நேரம் குறித்து அவர் அனுப்பிய பழைய மெயிலுக்கே ரிப்ளை செய்வது நல்லது. முந்தைய பேச்சு முழுவதும் கீழே இருக்கும், அவர் எதையும் தேட வேண்டாம்.

> சப்ஜெக்ட்: கணக்கு அலுவலர் பணி, 4-ஆம் தேதி இரண்டாம் சுற்று: அடுத்த கட்டம் பற்றி
>
> வணக்கம் மேடம்,
>
> 4-ஆம் தேதி கணக்கு அலுவலர் பணிக்கான இரண்டாம் சுற்றில் கலந்துகொண்டேன். 13-ஆம் தேதி வாக்கில் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது தெரியவரும் என்று சொல்ல முடியுமா?
>
> மாதக் கணக்கு முடிப்பதில் ஏற்படும் தாமதத்தைப் பற்றி அன்று கேட்டார்கள். இப்போதைய வேலையில் பேங்க் ரீகன்சிலியேஷனை மாதக் கடைசிவரை வைக்காமல் வாரந்தோறும் செய்ய ஆரம்பித்தோம். கணக்கு முடிக்க 9 நாள் ஆனது 5 நாளாகக் குறைந்தது. அதை எப்படிச் செய்தோம் என்று ஒரு பக்கக் குறிப்பாக அனுப்ப முடியும், தேவைப்பட்டால் சொல்லுங்கள்.
>
> இந்த வேலையில் எனக்குள்ள ஆர்வம் அப்படியே இருக்கிறது. என் நோட்டீஸ் பீரியட் 30 நாள்.
>
> நன்றி.

முதல் பத்தியில் யார், எந்த வேலை, எந்தத் தேதி என்று எல்லாம் வந்துவிடுகிறது. கேள்வி ஒன்றுதான், அதற்கு ரெக்ரூட்டரால் பதில் சொல்ல முடியும். "13-ஆம் தேதி வாக்கில் சொல்லியிருந்தீர்கள்" என்பது அவருடைய வாக்கை நினைவுபடுத்துகிறது, ஆனால் குற்றம் சாட்டவில்லை. முந்தைய மெயிலின் "சொன்னது நீங்கள்தான்" என்பதில் இருந்த "தான்" இங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஓர் இடைச்சொல்லில் இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாவது பத்திதான் இந்த மெயிலுக்கு உயிர். "இந்த வேலை எனக்கு அவசியம்" என்பதற்குப் பதிலாக, "உங்களுக்கு இருக்கும் இந்தச் சிக்கலை நான் ஏற்கெனவே ஒரு முறை தீர்த்திருக்கிறேன்" என்று அது சொல்கிறது. இதை ரெக்ரூட்டர் அப்படியே துறைத் தலைவருக்கு ஃபார்வர்டு செய்யலாம். தன்னம்பிக்கையான தொனி வேண்டும் என்று பலர் பெரிய பெயரடைகளைத் தேடுகிறார்கள். "மிகச் சிறந்த", "முழுத் தகுதி வாய்ந்த" என்று எழுதுகிறார்கள். 9 நாள் 5 நாளானது என்ற ஒரு வரி அதைவிட உறுதியாக நிற்கும். ஆனால் எண் உண்மையாக இருக்க வேண்டும். அடுத்த சுற்றில் அதை வைத்துத்தான் கேள்வி வரும். சொல்வதற்கு அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் பத்தியே வேண்டாம். முதல் பத்தியும் கடைசி இரண்டு வரியும் மட்டும் போதும், நல்ல மெயில்தான்.

கடைசியில் ஆர்வத்தை ஒரு வரியில் சொல்வது கெஞ்சல் ஆகாது. ஆர்வம் இருக்கிறதா, வேறெங்காவது போய்விட்டாரா என்பது ரெக்ரூட்டருக்கு உண்மையிலேயே தேவையான தகவல்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமும் உண்டு

மன்னிப்பே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறு உங்களுடையது என்றால் கேட்கத்தான் வேண்டும். வியாழக்கிழமை 11 மணிக்கு இன்டர்வியூ, உங்களால் வர முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். "வியாழன் 11 மணிக்கு வர இயலாத நிலை, மன்னிக்கவும். குடும்பத்தில் ஒரு மருத்துவத் தேவை. வெள்ளி காலை அல்லது திங்கள் எந்த நேரமும் எனக்கு வசதிப்படும். உங்களுக்கும் பேனலுக்கும் எது ஒத்துவரும்?" மன்னிப்பு ஒரு முறை, காரணம் ஒரு வரி, உடனே மாற்று நேரம். பேனலில் உள்ள எல்லோருடைய நாட்காட்டியையும் ரெக்ரூட்டர் மறுபடி கலைத்து அடுக்க வேண்டும், அதனால் அந்த மன்னிப்பு நியாயமானது. மாற்று நேரம் இரண்டு கொடுத்தால் அவருடைய வேலை குறைகிறது. நான்கு முறை மன்னிப்புக் கேட்டு மாற்று நேரம் சொல்லாமல் விட்டால், அவர் திரும்ப எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

மன்னிப்பை எல்லாம் நன்றியாக மாற்றிவிடுங்கள் என்று ஓர் ஆலோசனை இப்போது பரவலாக இருக்கிறது. "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்பதற்குப் பதில் "பொறுத்திருந்ததற்கு நன்றி" என்று எழுதச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ரெக்ரூட்டர் கேட்ட ஆவணத்தை நான்கு நாள் தாமதமாக அனுப்பிவிட்டு, பொறுத்திருந்ததற்கு நன்றி என்றால், அவர் பொறுத்துத்தான் இருந்தார் என்று நாமே முடிவு செய்தது போல ஆகிறது. தமிழில் படிக்கும்போது அது இன்னும் ஒட்டாமல் நிற்கிறது. தவறு நம்முடையது என்றால் "தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு ஆவணத்தை இணைப்பதுதான் நேர்மை.

கெடு வைக்க வேண்டிய நிலை வந்தால்

உண்மையிலேயே வேறொரு நிறுவனம் ஆஃபர் கொடுத்து, 24-ஆம் தேதிக்குள் பதில் கேட்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்கும் நஷ்டம், ரெக்ரூட்டருக்கும் நஷ்டம். "24-க்குள் சொல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவேன்" என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

> வேறொரு நிறுவனத்திடமிருந்து எனக்கு ஆஃபர் வந்திருக்கிறது. 24-ஆம் தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் பேசிய வேலையில்தான் எனக்கு விருப்பம் அதிகம். அந்தத் தேதிக்கு முன் உங்கள் பக்க முடிவு தெரிய வாய்ப்பு இருக்கிறதா?

இங்கே கெடு வைத்தவர் நீங்கள் இல்லை, அந்த இன்னொரு நிறுவனம். நீங்கள் அந்தத் தேதியைத் தகவலாகச் சொல்கிறீர்கள். இது ரெக்ரூட்டருக்கு நல்ல பிடி. பேனலிடம் போய் "24-க்குள் சொல்லாவிட்டால் இவரை இழந்துவிடுவோம்" என்று அவரே சொல்லலாம், சொல்வார். ஆனால் இல்லாத ஆஃபரை இருப்பதாக எழுதாதீர்கள். "எங்களால் அதற்குள் முடியாது, நீங்கள் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று வாழ்த்தோடு ஒரு பதில் வந்தால் அங்கேயே கதை முடிந்துவிடும். சில இடங்களில் அந்த ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொல்லியும் கேட்பார்கள்.

உங்களோடு பேசுபவர் நிறுவனத்தின் ரெக்ரூட்டர் இல்லை, வெளியே இருக்கும் கன்சல்டன்சிக்காரர் என்றால் இன்னும் வெளிப்படையாக இருக்கலாம். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் அவருக்கு நிறுவனத்திடமிருந்து கட்டணம் வரும். நீங்கள் சேர வேண்டும் என்பதில் அவருக்கும் அக்கறை உண்டு. அவரிடம் கெஞ்சுவதற்கு இன்னும் காரணம் குறைவு.

பதிலே வராவிட்டால்

நன்றாக எழுதிய மெயிலுக்கும் பதில் வராமல் போகும். சொல்லைத் திருத்தினால் பேனலின் முடிவு மாறாது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த வாய்ப்பு மெயிலால் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் இதனால் ஆகும்.

ஒரு வாரம் கழித்து அதே மெயிலுக்கு ரிப்ளையாக இரண்டு வரி போதும்: "வணக்கம் மேடம், கணக்கு அலுவலர் பணியின் அடுத்த கட்டம் பற்றி ஏதேனும் தெரிந்ததா? இந்த வாரம் தெரியாவிட்டால், எப்போது கேட்கலாம் என்று சொன்னாலும் உதவியாக இருக்கும்." இது இரண்டாவது மெயில் என்று எண்ணிக் காட்ட வேண்டாம், கீழே இருக்கும் பழைய மெயிலே அதைச் சொல்லும். "நீங்கள் மறந்திருக்கலாம்" என்றும் எழுத வேண்டாம்.

பதிலாக "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது" என்று மட்டும் வந்தால், ஒன்று முடிவு எடுக்கவில்லை, அல்லது வேறொருவரின் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். எது என்று துருவிக் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. "சரி, தெரிந்ததும் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டு மற்ற இடங்களில் தேடுவதைத் தொடருங்கள். இரண்டு முறை கேட்டும் ஒன்றும் வரவில்லையென்றால் மூன்றாவது முறை கேட்பதால் பெரும்பாலும் பயனில்லை.

"வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று வந்தால் இன்னும் ஒரு மெயில் பாக்கி இருக்கிறது. ஏன் என்று வாதாடவும் வேண்டாம், "இன்னொரு முறை பரிசீலியுங்கள்" என்று இறங்கவும் வேண்டாம். தேர்வானவர் கடைசி நேரத்தில் சேராமல் போவது ஆளெடுக்கும் வேலையில் அடிக்கடி நடப்பது. அப்போது ரெக்ரூட்டர் முதலில் புரட்டுவது தன் பழைய மெயில்களைத்தான். நான் அப்படிப் புரட்டியபோது கண்ணில் பட்டு, திரும்ப அழைத்த ஒருவரின் மெயில் ஏறக்குறைய இப்படி இருந்தது:

> வணக்கம். முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. பேனலுடன் பேசியது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. இதே பிரிவில் பின்னால் இடம் வந்தால் எனக்கு ஆர்வம் உண்டு, இதே எண்ணில் அழைக்கலாம்.

மூன்று வாரம் கழித்து, அதே எண்ணில் அழைத்தேன்.